நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்து போட்டுத் தர்றேன்

(1)
போன வாரம் நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து போனைப் பார்த்தா, தெரியாத நம்பரில் இருந்து ஒரு மெசேஜ்.

"குட் ஈவினிங் சார். எனக்கு ரெகமண்டேஷன் லெட்டர் வேணும் சார். டெட்லைன் வெள்ளிக்கிழமை. ஃபார்ம் அட்டாச் பண்ணிருக்கேன் சார்."

பேர் இல்லை. எப்போ என்னிடம் வேலை பார்த்தார், எதுக்கு லெட்டர், எதுவும் இல்லை. ரெண்டு வருஷம் முன்னாடி என் வார்டில் ஒரு மாசம் இருந்த தம்பின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. முகம் லேசா ஞாபகம் இருக்கு. அவர் என்ன செஞ்சார்னு கேட்டா, சத்தியமா ஞாபகம் இல்லை.

கோபம் வரல. ஏன்னா இதே மாதிரி ஒரு மெசேஜை ஒரு காலத்தில் நானும் அனுப்பியிருக்கேன். அந்தக் கதையைத்தான் இந்த த்ரெட்டில் எழுதுறேன். கொஞ்சம் நீளம். வெளிநாட்டு அப்ளிகேஷனுக்கு பழைய புரொஃபசரிடம் லெட்டர் கேட்கப் போறவங்களும், அப்படிப்பட்ட பிள்ளைங்க வீட்டில் இருக்கறவங்களும் பொறுமையா படிங்க.

(2)
முதல்ல பின்னணி. இங்கே எம்.பி.பி.எஸ். முடிச்சவங்க அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்கணும்னா ரெசிடென்சிக்கு அப்ளை பண்ணணும். அந்த அப்ளிகேஷன் போற ஆன்லைன் அமைப்புக்கு ஈராஸ் என்று பேர். பரீட்சை மார்க், நாமளே எழுதுற ஒரு கட்டுரை, இதோட கூட நம்மை நேரில் பார்த்த டாக்டர்கள் எழுதின லெட்டர்களும் போகணும். ஒரு ஆஸ்பத்திரி புரோகிராமுக்கு அதிகபட்சம் 4 லெட்டர் வரைக்கும் அனுப்பலாம்.

என்கிட்ட அமெரிக்க டாக்டர்கள் கொடுத்த லெட்டர் ரெண்டு இருந்துச்சு. அங்கே போய் அப்சர்வர்ஷிப் பண்ணி வாங்கினது. அமெரிக்க டாக்டர் லெட்டருக்குத்தான் மதிப்பு அதிகம்னு எல்லாரும் சொல்வாங்க. அது உண்மைதான். ஆனா அதில் ஒரு ஓட்டை இருக்கு. அப்சர்வர்ஷிப் என்றால் பின்னாடி நின்னு வேடிக்கை பார்க்கிறது. பேஷண்ட் மேல கை வைக்க முடியாது, மருந்து எழுத முடியாது. அந்த டாக்டர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும், "நேரத்துக்கு வருவார், நல்ல கேள்வி கேட்பார்" என்பதற்கு மேல் என்னத்தை எழுதுவார்?

ராத்திரி 3 மணிக்கு ஒரு சீரியஸ் பேஷண்டை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன் என்பதைப் பார்த்த ஒரே ஆள், ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ என் மெடிசின் யூனிட் சீஃப். (கவர்மெண்ட் காலேஜில் யூனிட் தலைவரை சீஃப்னுதான் கூப்பிடுவோம்.) நான் அவர் யூனிட்டை விட்டு வந்து 5 வருஷம் ஆகியிருந்துச்சு. அவரும் ரிட்டயர் ஆகிட்டார். நடுவில் தீபாவளிக்குக்கூட ஒரு போன் பண்ணினதில்லை.

(3)
வெட்கம். அதனாலதான் போன் பண்ணாம மெசேஜ் போட்டேன். "குட் மார்னிங் சீஃப், ஹோப் யூ ரிமெம்பர் மீ" என்று ஆரம்பிச்சு, கூடவே நாலு அட்டாச்மெண்ட். ரெண்டு ப்ளூ டிக் விழுந்துச்சு. பதில் வரல.

அஞ்சு நாள் கழிச்சு தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு போன் பண்ணினேன்.

"யாரு? எந்த பேட்ச்? ம்ம்... ஆமா ஆமா. சொல்லுப்பா."

அந்த "ம்ம்" கொஞ்சம் நீளமா இருந்துச்சு. பேர் சொல்லியும் அவருக்குப் பிடிபடலைன்னு புரிஞ்சுது. விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னார்: "அதுக்கென்னப்பா, நீயே எழுதிட்டு வா. கையெழுத்து போட்டுத் தர்றேன்."

போனை வெச்சதும் எனக்கு ஒரே சந்தோஷம். வேலை முடிஞ்சுதுடா சாமி!

(4)
நம்ம ஊரில் இது ரொம்ப சாதாரணம். புரொஃபசருக்கு நேரம் இல்லை, நம்ம மேல அன்பு இருக்கு, அதனால இப்படிச் சொல்றார். இன்னொரு டிபார்ட்மெண்ட் புரொஃபசரும் இதையே சொல்லியிருந்தார். ஒரே ராத்திரியில் உட்கார்ந்து ரெண்டு லெட்டரையும் எழுதினேன். "ஹார்ட்வொர்க்கிங், சின்சியர், எக்ஸலண்ட் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்." என்னைப் பத்தி நானே எழுதறப்போ கை கொஞ்சம் தாராளமாத்தான் போச்சு.

அமெரிக்காவில் ஏற்கனவே ரெசிடென்சி பண்ணிட்டிருந்த ஒரு சீனியர் அண்ணனுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அவர் போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டா, இந்த ரெண்டு லெட்டரையும் எழுதினது ஒரே ஆளா?"

எனக்கு பக்குனு ஆச்சு. ரெண்டு லெட்டரிலும் ஒரே மாதிரி வாக்கியம். ரெண்டும் மூணு பாரா. ரெண்டுலயும் ஒரே இடத்தில் கமா விட்டுப் போயிருக்கு. என் பெர்சனல் கட்டுரையும் அதே நடை. "ஒரு சீசனுக்கு நூத்துக்கணக்கில் அப்ளிகேஷன் படிக்கிறவங்கடா அவங்க. நான் ரெண்டு நிமிஷத்தில் கண்டுபிடிச்சதை அவங்க கண்டுபிடிக்க மாட்டாங்களா?" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம். "மாட்டுறது ரெண்டாவது விஷயம். இதில் உங்க சீஃப் எங்கடா இருக்கார்? உன்னைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதுதான் இதில் இருக்கு. அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணுகூட இல்லையே."

(5)
யோசிச்சுப் பார்த்தா, சீஃபுக்கு இருந்த பிரச்சனை ரெண்டுதான். ஒண்ணு, என்னைப் பத்தி எழுத ஞாபகம் இல்லை. வருஷத்துக்கு எத்தனை ஹவுஸ் சர்ஜன் அவர் யூனிட்டைத் தாண்டிப் போயிருப்பாங்க! ரெண்டு, அந்த ஆன்லைன் வேலையெல்லாம் தலைவலி. "நீயே எழுதிட்டு வா" என்பது இந்த ரெண்டுக்கும் சேர்த்து அவர் கண்டுபிடிச்ச தீர்வு.

அப்போ நான் அவருக்குப் பண்ண வேண்டிய உதவி என்ன? ஞாபகத்தைத் திருப்பிக் கொடுக்கணும். ஆன்லைன் வேலையைக் குறைக்கணும். எழுதுறதை மட்டும் அவர்கிட்டயே விட்டுடணும். எழுதி நீட்டினா அவர் வாய் அடைபட்டுப் போகும். ஞாபகப்படுத்தினா அவரே பேச ஆரம்பிப்பார்.

இன்னொரு புரொஃபசர் லெட்டரை அப்படியே கைவிட்டுட்டேன். அவரிடம் நான் இருந்தது 15 நாள். அவருக்கு ஞாபகப்படுத்த என்கிட்டயே ஒண்ணும் இல்லை. யாரிடம் கேட்கக் கூடாது என்பதற்கு இதுதான் அளவுகோல்னு அன்னைக்குப் புரிஞ்சுது. அவர் கண் முன்னாடி நடந்த மூணு சம்பவத்தை உங்களால சொல்ல முடியலைன்னா, அவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அந்த லெட்டர் வெத்துதான்.

(6)
சீஃபுக்கு மறுபடி போன் பண்ணினேன். இந்தத் தடவை முன்னாடியே பேப்பரில் எழுதி வெச்சுக்கிட்டேன்.

"சீஃப், நீங்க எழுதிட்டு வரச் சொன்னீங்க. நானும் எழுதிப் பார்த்தேன். ஆனா அது என் பாஷையா இருக்கு சீஃப், படிச்சதும் தெரிஞ்சுடுது. உங்க யூனிட்டில் நடந்ததை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதித் தர்றேன். உங்களுக்கு ஞாபகம் வர்றதை மட்டும் நீங்க வாயால சொன்னா போதும், கிளினிக்கில் டைப் பண்ணிக்கலாம். ஆகஸ்ட் 15க்குள்ள வேணும், இன்னும் ஆறு வாரம் இருக்கு. என்னைப் பத்தி நல்லா எழுத முடியும்னு உங்களுக்குத் தோணலைன்னா தயங்காம சொல்லிடுங்க சீஃப், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்றதுக்குத்தான் தொண்டை அடைச்சுது. ஆனா அது அவசியம். நம்ம பெரியவங்க முகத்துக்கு நேரா "முடியாது"ன்னு சொல்ல மாட்டாங்க. "பார்க்கலாம்பா", "அடுத்த வாரம் ஞாபகப்படுத்து" என்பாங்க. அது ரெண்டு தடவை வந்தா, பெரும்பாலும் முடியாதுன்னுதான் அர்த்தம். கதவை நாமளே திறந்து வைக்கலைன்னா, மனசில்லாம நாலு வரி எழுதிக் கொடுப்பாங்க. படிக்கறவங்களுக்கு அந்த மனசில்லாமை அப்படியே தெரியும். அதுக்கு லெட்டர் இல்லாம இருக்கறதே மேல்.

சீஃப் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி, ஞாயித்துக்கிழமை கிளினிக்குக்கு வா. அந்த ஒரு பக்கத்தைக் கொண்டு வா" என்றார்.

தேதியைக் கவனிச்சீங்களா? புரோகிராம்கள் அப்ளிகேஷனைத் திறந்து பார்க்க ஆரம்பிக்கிறது செப்டம்பர் கடைசி வாரத்தில். நான் கேட்டது ஜூலை ஆரம்பத்தில், சொன்ன கெடு ஆகஸ்ட் 15. நடுவில் விட்ட அந்த ஒரு மாசம் எப்படி என்னைக் காப்பாத்துச்சுன்னு கீழே சொல்றேன்.

(7)
இப்போ அந்த ஒரு பக்கம். இதைத்தான் பலர் கேட்கறாங்க, அதனால விவரமா எழுதுறேன். நான் இங்கிலீஷில் எழுதினேன், துண்டு துண்டா. முழு வாக்கியமா எழுதினா அதை அப்படியே காப்பி பண்ணத் தோணும் என்பதால் வேணும்னே அப்படி.

முதல் பகுதி: பேர், பேட்ச், அவர் யூனிட்டில் எந்த வருஷம் எந்த ரெண்டு மாசம், கூட இருந்த பி.ஜி. யார் யார், எந்த வார்டு. ஓரத்தில் அப்போ எடுத்த ஒரு சின்ன போட்டோ. இப்போ தாடி வெச்ச முகத்தைப் பார்த்தா யாருக்கு ஞாபகம் வரும்?

ரெண்டாவது பகுதி: அவர் நேரில் பார்த்த, அல்லது போனில் என்னோடு பேசிய மூணு சம்பவம். ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு வரி. பேஷண்ட் பேர், ஊர் எதுவும் கிடையாது.

மூணாவது பகுதி: நான் அவரிடம் திட்டு வாங்கினது. முதல் வாரம் நான் பி.பி. பார்க்காமலே கேஸ் ஷீட்டில் இருந்த பழைய ரீடிங்கைப் பார்த்துச் சொன்னேன். அவர் கேஸ் ஷீட்டை மூடி வெச்சுட்டு, "போய் நீயே பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார். மொத்த ரவுண்ட்ஸும் எனக்காக நின்னுச்சு. அதுக்கப்புறம் நானே பார்க்காத நம்பரை நான் சொன்னதே இல்லை. இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சுத்தான் சேர்த்தேன். ஒரு ஆள் எங்கே ஆரம்பிச்சு எங்கே வந்தான்னு சொல்ற லெட்டருக்குத்தான் நம்பகத்தன்மை வரும்.

நாலாவது பகுதி: அந்த யூனிட்டை விட்டு வந்தப்புறம் என்ன பண்ணினேன். நாலே வரி. முழு பயோடேட்டா தனியா, கேட்டா கொடுக்க.

(8)
கடைசிப் பகுதி கொஞ்சம் சிக்கலானது. அமெரிக்கக்காரங்க லெட்டரில் என்ன தேடுறாங்கன்னு 30 வருஷம் பாடம் எடுத்தவருக்கு நான் எப்படிச் சொல்றது?

நம்ம ஊர் லெட்டர் பெரும்பாலும் கண்டக்ட் சர்டிஃபிகேட் மாதிரி இருக்கும். "இவர் நல்லொழுக்கம் உடையவர், கடின உழைப்பாளி, இவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்." இங்கே அது கௌரவமான லெட்டர். அங்கே அதைப் படிச்சா, "இவருக்கு இந்தப் பையனைத் தெரியாது போல" என்று நினைப்பாங்க.

அதனால அறிவுரையா எழுதாம, நாலு கேள்வியா எழுதினேன். எவ்வளவு நாள், எந்த நிலையில் இவரைப் பார்த்தீங்க? உங்க யூனிட்டுக்கு வந்த மத்த ஹவுஸ் சர்ஜன்களோட ஒப்பிட்டா எங்கே நிற்பார்? நீங்களே பார்த்த ஒரு சம்பவம் சொல்ல முடியுமா? திரும்ப உங்க யூனிட்டுக்கு வந்தா சேர்த்துக்குவீங்களா? மேலே, "புரோகிராம்காரங்க இதைத்தான் தெரிஞ்சுக்க விரும்பறாங்க சீஃப்" என்று ஒரு வரி.

இந்த நாலுக்கும் பதில் இருந்தா போதும், ஒரு பக்க லெட்டர் வந்துடும்.

(9)
ஞாயித்துக்கிழமை போனேன். சீஃப் கண்ணாடியை மாட்டிக்கிட்டு பேப்பரைப் படிச்சார். ரெண்டாவது சம்பவத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"அட, நீதானா அந்த அட்ரோபின் பையன்!"

அந்தச் சம்பவம் இதுதான். வயலில் பூச்சிமருந்து அடிச்சப்போ விஷம் ஏறி ஒருத்தர் அட்மிட் ஆகியிருந்தார். அந்த விஷத்தில் நெஞ்சில் சளி கொட்டும், மூச்சு திணறும், கண்மணி சுருங்கும், நாடித்துடிப்பு இறங்கும். அதுக்கு முறிவு அட்ரோபின். நெஞ்சு சுத்தமாகிற வரைக்கும் டோஸை ஏத்திக்கிட்டே போய், அப்புறம் சொட்டு சொட்டா ஓட விடுவோம். ஆனா அட்ரோபினே அதிகமாப் போனாலும் ஆபத்து. பேஷண்ட் உளற ஆரம்பிப்பார், காய்ச்சல் அடிக்கும், குடல் அசையறது நின்னுடும்.

ராத்திரி 3 மணிக்கு அவர் கத்தி, ஊசியைப் பிடுங்க ஆரம்பிச்சார். விஷம்தான் திரும்ப ஏறுதுன்னு எல்லாரும் நினைச்சோம், இன்னும் அட்ரோபின் ஏத்தத் தயாரா இருந்தோம். நான் நெஞ்சில் ஸ்டெத் வெச்சேன், சளிச் சத்தமே இல்லை. வயிற்றில் வெச்சேன், குடல் சத்தமும் இல்லை. உடம்பு கொதிச்சுது. பி.ஜி. அண்ணன் வேற வார்டில் இன்னொரு எமர்ஜென்சியில் மாட்டியிருந்தார். சீஃபுக்கே போன் அடிச்சேன். "சொட்டை நிறுத்து. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்காரு. அப்புறம் குறைச்சு ஆரம்பி" என்றார். உட்கார்ந்தேன். காலையில் பேஷண்ட் தெளிவாகிட்டார்.

அஞ்சு வருஷமா என் பேர் அவருக்கு ஞாபகம் இல்லை. அந்த போன் கால் ஞாபகம் இருந்துச்சு. மனுஷ மூளை அப்படித்தான் வேலை செய்யுது. பேரையும் மார்க்கையும் கொடுத்தா ஒண்ணும் வராது, ஒரு சம்பவத்தோட நுனியைக் கொடுத்தா மொத்தமும் இழுத்துக்கிட்டு வரும்.

(10)
அப்புறம் ஆன்லைன் வேலை. இதில்தான் நான் கிட்டத்தட்ட தப்புப் பண்ணியிருப்பேன்.

முறை இதுதான். MyERAS கணக்கில் நாம் லெட்டர் எழுதறவர் பேரைச் சேர்க்கணும். அந்த லெட்டரைப் பார்க்கிற உரிமையை விட்டுக் கொடுக்கிறோமா இல்லையான்னு அங்கேயே கேட்கும். விட்டுக் கொடுக்கிறது நல்லது, ஏன்னா நாம் பார்க்க முடியாதுன்னு தெரிஞ்சு எழுதின லெட்டரைத்தான் படிக்கறவங்க நம்புவாங்க. அதை முடிச்சதும் Letter Request Form ஒண்ணு வரும். அதில் அந்த லெட்டருக்கு மட்டுமான Letter ID இருக்கும். அந்த ஃபார்மை அவரிடம் கொடுக்கணும். அவர் தனக்கு ஒரு கணக்கு ஆரம்பிச்சு, அந்த நம்பரைப் போட்டு, கையெழுத்திட்ட லெட்டரை பி.டி.எஃப். ஆக ஏத்தணும்.

சீஃப் ஃபார்மைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதெல்லாம் எனக்கு வராதுப்பா. என் மெயில் பாஸ்வேர்டு எழுதித் தர்றேன், நீயே ஏத்திடு."

அவர் சொல்றார், நம்பி பாஸ்வேர்டையே கொடுக்கிறார். பத்து நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப் போகுது? ஆனா அந்த அமைப்போட விதி ரொம்பத் தெளிவா இருக்கு. லெட்டர் எழுதினவர் தன் சார்பா வேற ஒருத்தரை ஏத்தச் சொல்லலாம். அப்ளை பண்றவரோ, அவர் குடும்பத்து ஆளோ எந்தக் காரணத்துக்காகவும் ஏத்தக் கூடாது. எழுதினவரே சொன்னாலும் கூடாது.

"சீஃப், நான் பண்ணினா தப்பு சீஃப். நாளைக்குத் தெரிஞ்சா உங்க பேரும் கெட்டுப் போகும்" என்றேன். அவர் முகம் சட்டுனு மாறுச்சு. கோபமோன்னு பயந்தேன். "அப்படியா விதி? நல்ல விதிதான்" என்று சொல்லிட்டு, கிளினிக்கில் கம்ப்யூட்டர் பார்க்கிற அக்காவைக் கூப்பிட்டார்.

அந்த அக்காவுக்கு நான் ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்தேன், தமிழில். எந்தப் பக்கத்துக்குப் போகணும், எங்கே நம்பர் போடணும், எந்தப் பொத்தானை அமுக்கணும், கடைசியில் திரையில் என்ன வந்தா முடிஞ்சதுன்னு அர்த்தம். மொத்தம் ஏழு படி. லெட்டரில் மறக்காம இருக்க வேண்டியதும் அதிலேயே: லெட்டர்ஹெட், கையெழுத்து, தேதி, ஃபார்மில் இருக்கிற மாதிரியே என் பேர். ரிட்டயர் ஆனவர்கிட்ட காலேஜ் லெட்டர்ஹெட் இருக்காது. கிளினிக் லெட்டர்ஹெட்டில், கீழே "முன்னாள் பேராசிரியர்" என்று எழுதி கையெழுத்து போட்டார்.

(11)
அப்படியும் ஒரு சொதப்பல் நடந்துச்சு, அதுவும் என்னால. ஃபார்ம் போடறப்போ அவரோட பழைய காலேஜ் மெயிலைக் கொடுத்திருந்தேன். பேப்பரிலும் அதையே எழுதிட்டேன். ரிட்டயர் ஆனதோட அந்த மெயில் செத்துப் போச்சு. அக்கா கணக்கு ஆரம்பிச்சிருக்காங்க, சரிபார்க்கிற மெயில் அந்த மெயிலுக்குப் போயிருக்கு, யாராலும் திறக்க முடியல. அக்கா ரெண்டு நாள் முயற்சி பண்ணிட்டு அப்படியே விட்டுட்டாங்க. சீஃப் ஏத்தியாச்சுன்னு நினைச்சுட்டு இருந்தார்.

எனக்கு எப்படித் தெரிஞ்சுது? லெட்டர் வந்ததும் நம்ம கணக்கில் அது வந்த நிலை தெரியும். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது, வந்துச்சா இல்லையான்னு மட்டும் தெரியும். ஆகஸ்ட் 15 தாண்டியும் மாறல. 18ஆம் தேதி சீஃபைத் தொந்தரவு பண்ணாம நேரா அக்காவுக்குப் போன் பண்ணினேன். அப்போதான் விஷயம் வெளியே வந்துச்சு. சீஃப் இப்போ தினமும் பார்க்கிற மெயிலைக் கேட்டு வாங்கி, அதில் புதுசா ஆரம்பிச்சு, 23ஆம் தேதி லெட்டர் ஏறிடுச்சு.

நான் சொன்ன கெடு செப்டம்பர் கடைசியா இருந்திருந்தா? இந்த எட்டு நாள் என்னைக் கவுத்திருக்கும். அதனால ரெண்டு விஷயம். எந்த மெயில் இப்போ உபயோகத்தில் இருக்குன்னு அவர் வாயாலேயே கேட்டுக்கோங்க. ஞாபகப்படுத்தறப்போ "லெட்டர் என்னாச்சு சார்" என்று கேட்காதீங்க, "இன்னும் வரல சார், எந்தப் படியில் நிக்குது, நான் என்ன பண்ணட்டும்" என்று கேளுங்க.

(12)
லெட்டர் ஏறின அன்னைக்கு சீஃபே போன் பண்ணினார். "நீ எழுதிக் கொடுக்காத ஒண்ணையும் சேர்த்திருக்கேன்ப்பா." என்னன்னு நான் கேட்கல, அவரும் சொல்லல.

நவம்பரில் ஒரு இன்டர்வியூ. எதிரில் இருந்த டாக்டரம்மா என் ஃபைலைப் புரட்டிட்டு, "அந்த சுவரில் ஒட்டின சார்ட்டைப் பத்திச் சொல்லுங்க" என்றார். எனக்கு ஒண்ணுமே புரியல. "உங்க புரொஃபசர் எழுதியிருக்காரே."

அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த ராத்திரிக்கு மறுநாள், அட்ரோபின் அதிகமானா என்னென்ன பார்க்கணும்னு ஒரு சார்ட் பேப்பரில் தமிழில் எழுதி, நர்ஸ் ஸ்டேஷன் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். நெஞ்சு, நாடி, காய்ச்சல், வயிறு, பேச்சு. மணிக்கு ஒரு தடவை டிக் அடிக்கிற மாதிரி கட்டம் போட்டு. எனக்கே மறந்து போச்சு. நான் போனப்புறமும் அது ரொம்ப நாள் அந்தச் சுவரில் இருந்துச்சுன்னு சீஃப் எழுதியிருக்கார். எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும்.

மீதி இன்டர்வியூ மொத்தமும் அந்த சார்ட்டைப் பத்தித்தான் பேசினோம். என் டிராஃப்டில் அவர் கையெழுத்து போட்டிருந்தா அந்த சார்ட் எங்கேயும் வந்திருக்காது. நான் மறந்ததை நான் எப்படி எழுதியிருக்க முடியும்?

அந்த லெட்டராலதான் இடம் கிடைச்சுதுன்னு சொல்ல மாட்டேன். மார்க் இல்லைன்னா இன்டர்வியூ கூப்பிடவே மாட்டாங்க. ஆனா கூப்பிட்டப்புறம், எதிரில் இருக்கறவங்களுக்கு என்னைப் பத்திப் பேச ஒரு விஷயம் கொடுத்தது அந்த லெட்டர்தான்.

(13)
மார்ச் மாசம் மூணாவது வெள்ளிக்கிழமை எந்த ஆஸ்பத்திரின்னு முடிவு வந்துச்சு. அம்மாவுக்கு அடுத்து சீஃபுக்குத்தான் போன் பண்ணினேன். "டேய், கிளினிக்ல அந்தம்மாகிட்டயும் சொல்லுடா, அவங்கதான் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க" என்றார். அக்காவுக்கும் பேசினேன். "நம்ம லெட்டர் வேலை செஞ்சுடுச்சா தம்பி?" என்று கேட்டாங்க. நிறைய பேர் லெட்டர் வாங்கினதோட காணாமப் போயிடறாங்க. எழுதினவங்களுக்கு முடிவு என்னன்னே தெரியாது. கிடைக்கலைன்னாலும் சொல்லுங்க. அடுத்த வருஷம் அதே லெட்டருக்குத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

(14)
சரி, போன வாரம் வந்த மெசேஜ். தம்பிக்குப் போன் பண்ணினேன். வெள்ளிக்கிழமைக்கு முடியாதுன்னு சொன்னேன். அவர் சொன்ன கெடு உண்மையான கெடு இல்லைன்னும் தெரிஞ்சுது, இன்னும் மூணு வாரம் இருக்கு.

"சார், நீங்க பிஸியா இருப்பீங்க, நானே டிராஃப்ட் பண்ணி அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாம்னேன். என் வார்டில் நடந்த மூணு விஷயம், நான் திட்டினது ஒண்ணு, ஒரு போட்டோ, இதை மட்டும் ஒரு பக்கத்தில் அனுப்பச் சொன்னேன்.

நேத்து வந்துச்சு. மூணாவது சம்பவத்தில், டயாலிசிஸ் பேஷண்ட் ஒருத்தர் தமிழ் மட்டுமே பேசுவார், அவருக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உப்பில்லா சாப்பாடு ஏன்னு விளக்கினதை எழுதியிருந்தார். அதைப் படிச்சதும் அந்தத் தாத்தா, அந்தப் படுக்கை, ஜன்னல் ஓரம் எல்லாம் வந்துடுச்சு. கூடவே அவர் எழுதாத ஒண்ணும் ஞாபகம் வந்துச்சு.

அதை அவரிடம் சொல்லப் போறதில்லை. லெட்டரில் எழுதியிருக்கேன்.